பேங்க் வட்டியில் வித்தியாசம் என்று நோட்டீஸ்: என்ன பதில் எழுதுவது?

கேள்வி: சார், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2023-24 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் நானே ஐ.டி.ஆர்.-1 போட்டேன். சேமிப்புக் கணக்கு வட்டி ரூ.6,240 காட்டினேன். ரூ.7,750 ரீஃபண்டும் வந்தது. இப்போது வருமான வரித் துறையிடமிருந்து விவரம் கேட்டு, 133(6) பிரிவில் ஒரு நோட்டீஸ். வங்கிகள் சொன்ன வட்டி ரூ.1,22,240, நீங்கள் காட்டியது ரூ.6,240 என்கிறார்கள். துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏ.ஐ.எஸ்.ஸில் நான் கூட்டினால் ரூ.2,06,240 வருகிறது! அதில் ரூ.84,000 அம்மாவின் எஃப்.டி. வட்டி. அப்பா காலமான பிறகு அம்மாவுக்கு வந்த 12 லட்சம் அது. அம்மாவுக்கு 71 வயது, பேங்க் ஆப் தெரியாது என்பதால் என் பெயரை முதலில் போட்டோம். வட்டி அம்மா பாஸ்புக்கில்தான் ஏறுகிறது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் ரூ.14,000. இன்னொரு எஃப்.டி. வேறு வங்கியில் என் பெயரில் இருக்கிறது. அது இன்னும் முதிரவில்லை, டி.டி.எஸ்.ஸும் பிடிக்கவில்லை. 'இது என் பணம் இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதுமா? ரிட்டர்ன் நகல் இணைத்திருக்கிறேன்.
- எஸ்.ஆர்., கொளத்தூர்

பதில்: போதாது. அந்த ஒரு வரியில் பாதி உண்மை, பாதி தவறு. நோட்டீஸ் கேட்பது ரூ.1,16,000 வித்தியாசத்துக்குக் கணக்கு. அந்தத் தொகைக்குள் இரண்டு வேறு வேறு கதைகள் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் எழுதும் எந்தப் பதிலும் அடுத்த கேள்விக்கு வழி வைக்கும்.

முதலில் நோட்டீஸ் நிஜம்தானா என்று பாருங்கள். வருமான வரி இணையதளத்தின் முகப்பில், உள்ளே நுழையாமலே, `Authenticate Notice/Order Issued by ITD` என்று ஓர் இணைப்பு உண்டு. நோட்டீஸில் உள்ள டி.ஐ.என். எண்ணை அங்கே போட்டால் துறை அனுப்பியதுதானா என்று தெரிந்துவிடும். மின்னஞ்சலில் வந்த லிங்க்கைத் தட்டிப் பணம் கட்டாதீர்கள். இது மின்-சரிபார்ப்புத் திட்டத்தில் வந்த நோட்டீஸ். பதிலும் இணையதளத்திலேயே போகும். நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்கு ஃபைலோடு அலைய வேண்டியதில்லை.

உங்களைப் பயமுறுத்திய ரூ.2,06,240-ஐ முதலில் கழித்துவிடுவோம். அம்மாவின் எஃப்.டி. வட்டி ரூ.84,000-ஐ வங்கி இரண்டு வழியாகத் துறைக்குச் சொல்கிறது. டி.டி.எஸ். பிடித்ததால் 194A பிரிவில் ஒரு முறை, எல்லா வட்டியையும் தெரிவிக்க வேண்டும் என்ற விதிப்படி `SFT-016` என்ற தலைப்பில் இன்னொரு முறை. ஏ.ஐ.எஸ். இரண்டையும் அப்படியே காட்டும். அதன் சுருக்கமான டி.ஐ.எஸ்.ஸில்தான் இரட்டிப்பு நீங்கிய தொகை வரும். நோட்டீஸில் ரூ.1,22,240 என்று இருப்பதால் துறை அந்த இரட்டிப்பை ஏற்கெனவே கழித்துவிட்டது. ஆகவே பதிலில் 'இரண்டு முறை சேர்த்திருக்கிறீர்கள்' என்று சண்டை போட வேண்டாம். கையில் இருக்கும் ரூ.1,16,000 என்பது அம்மா எஃப்.டி.யின் ரூ.84,000, உங்கள் எஃப்.டி.யின் ரூ.32,000. அவ்வளவுதான்.

அந்த ரூ.32,000 உங்கள் வருமானம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ரூ.40,000-ஐத் தாண்டாததால் அந்த ஆண்டு டி.டி.எஸ். பிடிக்கவில்லை. டி.டி.எஸ். பிடிக்காத பணத்துக்கு வரி கிடையாது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். டி.டி.எஸ். என்பது வரியை முன்கூட்டியே வசூலிக்கும் வழி மட்டுமே. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வட்டி வருமானம்தான்.

'இன்னும் முதிரவில்லையே, கைக்கு வரவில்லையே' என்பீர்கள். வட்டியைக் கைக்கு வரும் ஆண்டில் காட்டுவதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எல்லா வட்டிக்கும், எல்லா ஆண்டும், அதே முறையைப் பின்பற்றி வந்திருக்க வேண்டும். வங்கியோ வருடா வருடம் சேர்ந்த வட்டியைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இதே நோட்டீஸ் வரும், கடைசியில் முதிரும் ஆண்டில் மொத்த வட்டியும் ஒரே வருடத்தில் விழுந்து உங்களை மேல் படிக்குத் தள்ளும். மாதச் சம்பளக்காரர்களுக்கு நான் எப்போதும் சொல்வது வருடா வருடம் காட்டிவிடுங்கள் என்றுதான்.

இனி அம்மாவின் ரூ.84,000. உங்கள் ரிட்டர்ன் நகலில் நான் வட்டிக் கட்டத்தைப் பார்ப்பதற்கு முன் டி.டி.எஸ். அட்டவணையைத்தான் பார்த்தேன். கம்பெனி பிடித்த ரூ.37,440-க்குக் கீழே வங்கி பிடித்த ரூ.8,400 இருக்கிறது. முன்கூட்டியே நிரப்பி வந்ததை நீங்கள் அப்படியே விட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த ரூ.7,750 ரீஃபண்ட் அந்த ரூ.8,400-இல் இருந்து வந்ததுதான். வருமானம் அம்மாவுடையது என்று வட்டியைக் காட்டவில்லை, ஆனால் அந்த வட்டியில் பிடித்த வரியை உங்கள் கணக்கில் வாங்கிக்கொண்டீர்கள். கம்ப்யூட்டருக்கு இதைவிடச் சுலபமாகப் பிடிபடுவது வேறொன்றும் இல்லை. தெரிந்து செய்யவில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் 'என் பணம் இல்லை' என்று மட்டும் எழுதினால், அதிகாரியின் அடுத்த வரி 'அப்படியானால் ரீஃபண்ட் ஏன் வாங்கினீர்கள்?' என்பதாகத்தான் இருக்கும்.

வட்டி யாருடையது என்பதை முதல் பெயர் தீர்மானிப்பதில்லை, யார் பணம் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஜாயிண்ட் டெபாசிட் என்றால் வங்கி வழக்கமாக முதல் பெயர்காரரின் பான் எண்ணில் தெரிவித்துவிடும், அது அவர்கள் வசதி. ஆனால் உங்கள் பணம் இல்லை என்பதை நிரூபிக்கும் வேலை உங்களுடையது. அதற்கு அம்மாவின் பாஸ்புக்கே சாட்சி. 12 லட்சம் அம்மாவின் கணக்கில் வந்து, அங்கிருந்து எஃப்.டி.க்குப் போன பதிவு உள்ள பக்கம் வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரூ.18,900 ஏறிய நான்கு பதிவுகள் வேண்டும். காலாண்டு வட்டி ரூ.21,000, அதில் 10 சதவீதம் ரூ.2,100 டி.டி.எஸ்., மீதி ரூ.18,900. நான்கு தடவை 2,100 சேர்த்தால் ரூ.8,400, அதாவது உங்கள் ரிட்டர்னில் இருக்கும் அதே எண். அதிகாரியிடம் இந்தப் பக்கம் பேசும் அளவுக்கு நீங்கள் எழுதும் எந்த விளக்கமும் பேசாது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதை மாறும். அம்மா அந்தப் பணத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டார், வட்டி உங்கள் கணக்கில் விழுந்தது, நீங்கள் செலவு செய்தீர்கள் என்றால் அது உங்கள் வருமானம். தாயிடமிருந்து மகளுக்கு வந்த பணத்துக்கு வரி இல்லை, அதிலிருந்து வரும் வட்டிக்கு உண்டு. அம்மா பணத்துக்குப் பதில் கணவர் பணத்தை உங்கள் பெயரில் போட்டிருந்தால், வட்டி கணவர் ரிட்டர்னில் சேரும். உங்கள் விஷயத்தில் இரண்டும் இல்லை என்று கடிதம் சொல்வதால், அம்மாவின் வருமானம் என்றே கொண்டு போகிறேன்.

அம்மா அந்த ஆண்டு ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டுமா? ஓய்வூதியம் ரூ.1,68,000, வட்டி ரூ.84,000, மொத்தம் ரூ.2,52,000. அந்த வயதுக்கு வரி தொடங்கும் எல்லையான ரூ.3,00,000-க்குக் கீழே. வரியும் இல்லை, போட வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த எண்களையும் பதிலில் எழுதுங்கள். வரியைத் தவிர்க்க அம்மா மேல் தள்ளவில்லை என்பதை அவை காட்டும்.

இப்போது பணக் கணக்கு. 2023-24-க்கான திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன், அதாவது ஐ.டி.ஆர்.-யு. மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்பதால் 2026 மார்ச் 31-க்குள் போட்டால் கூடுதல் வரி 25 சதவீதம், அடுத்த ஓராண்டுக்குள் என்றால் 50 சதவீதம். 133(6) நோட்டீஸ் வந்திருப்பதால் மட்டும் இந்தக் கதவு மூடுவதில்லை. மதிப்பீடு அல்லது மறுமதிப்பீடு என்று அடுத்த கட்டத்துக்குப் போனால்தான் சிக்கல்.

உங்கள் சம்பளம், நிலையான கழிவுக்குப் பின், ரூ.8,10,000. அதோடு சேமிப்பு வட்டி ரூ.6,240, எஃப்.டி. வட்டி ரூ.32,000 சேர்த்தால் ரூ.8,48,240. புதிய முறையில் அதற்கு வரியும் செஸ்ஸும் ரூ.41,417. கம்பெனி பிடித்தது ரூ.37,440. வங்கி பிடித்த ரூ.8,400-ஐ இந்த முறை எடுக்கக்கூடாது. மீதி ரூ.3,977. அதோடு ஏற்கெனவே வாங்கிய ரீஃபண்ட் ரூ.7,750-ஐயும் திருப்ப வேண்டும், ஆக ரூ.11,727. அதில் 25 சதவீதம் ரூ.2,932. மொத்தம் ரூ.14,660 சுமாருக்கு வரும். தாமத வட்டி ஏதாவது உண்டானால் அதையும், அதன் மேல் 25 சதவீதத்தையும் இணையதளமே சேர்த்துக் காட்டும். பணத்தைக் கட்டி, செலான் எண்ணைப் போட்ட பிறகுதான் ஐ.டி.ஆர்.-யு ஏறும். ஓர் ஆண்டுக்கு ஒரு முறைதான் போட முடியும். அவசரப்பட்டு பாதியை விட்டுவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது.

ரூ.32,000 வட்டிக்கு வரி ரூ.3,328தான் ஆகிறது, கட்டுவதோ பதினாலாயிரத்துக்கு மேல் என்று வருத்தமாக இருக்கும். பெரும்பகுதி, நீங்கள் வாங்கிச் செலவழித்த ரீஃபண்டின் திரும்புதல். அந்த ரூ.8,400 எங்கே போகும் என்றால், உண்மையில் அம்மாவுக்குச் சேர வேண்டியது. அம்மாவுக்கு வரியே இல்லாததால் முழுதும் திரும்பி வரவேண்டிய பணம். ஆனால் அந்த ஆண்டுக்கு அம்மா சாதாரணமாக ரிட்டர்ன் போடும் காலம் முடிந்துவிட்டது, ஐ.டி.ஆர்.-யு மூலம் ரீஃபண்ட் கேட்க முடியாது. காலதாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடும் வழி உண்டு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை அனுமதிக்கிறார்கள். அதற்கு டி.டி.எஸ். அம்மாவின் பேரில் மாற வேண்டும். பழைய ஆண்டுக்கு அந்தத் திருத்தத்தை வங்கியிடம் வாங்குவது எனக்குத் தெரிந்தவரை பொறுமையைச் சோதிக்கும் வேலை. கேட்டுப் பாருங்கள், நம்பி இருக்காதீர்கள்.

இந்த இடத்தில் என் கட்சிக்காரர்கள் சிலர் கேட்பது: 'ரூ.84,000-ஐயும் நானே என் வருமானம் என்று காட்டிவிட்டு டி.டி.எஸ்.ஸை வைத்துக்கொண்டால்?' உங்கள் விஷயத்தில் அப்படிப் போட்டால் கட்ட வேண்டியது ரூ.17,170 அளவு. ரூ.8,400 முடங்கிப் போவதோடு ஒப்பிட்டால் குடும்பத்துக்கு அதுதான் மலிவு. ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். யாருடைய வருமானம் என்பது எது மலிவு என்று பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை. தவிர, அந்த 12 லட்சமே உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். நாளை அம்மாவின் சொத்தைப் பற்றி உடன்பிறந்தவர்களுக்குள் பேச்சு வரும்போது அந்தத் தாள் எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பதில் அனுப்பும் முறை இது. முதலில் ஐ.டி.ஆர்.-யு போட்டு ஒப்புகை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் உள்ள கடைசித் தேதி நெருங்கினால் காத்திருக்காமல், போடப் போகிறேன் என்றாவது பதில் எழுதிவிடுங்கள். இணையதளத்தில் நுழைந்து `Pending Actions` வழியாக `Compliance Portal` போனால் அங்கே `e-Verification` என்ற பகுதியில் உங்கள் நோட்டீஸ் இருக்கும். விளக்கத்தை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

'வித்தியாசமான ரூ.1,16,000-இல் ரூ.32,000 என் பெயரில் உள்ள வைப்புத்தொகையின் வட்டி. டி.டி.எஸ். பிடிக்கப்படாததால் விடுபட்டது. ஐ.டி.ஆர்.-யு தாக்கல் செய்து வரி கட்டியுள்ளேன், ஒப்புகை எண் இது. மீதி ரூ.84,000 என் தாயாருடன் கூட்டாக உள்ள வைப்புத்தொகையின் வட்டி. முதலீடு முழுவதும் தாயாரின் பணம், வட்டியும் அவர் கணக்கில்தான் வரவானது. அவருடைய பான் எண், பாஸ்புக் பக்கங்கள், வைப்பு ரசீது இணைப்பில். அவருடைய மொத்த வருமானம் ரூ.2,52,000, வரி எல்லைக்குக் கீழ். இந்த வட்டி மீதான டி.டி.எஸ். ரூ.8,400-ஐ என் ரிட்டர்னில் தவறுதலாகக் கோரியிருந்தேன். அதை விலக்கி, பெற்ற ரீஃபண்டைத் திருப்பிச் செலுத்தியுள்ளேன்.'

இவ்வளவு போதும். 'தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்' என்று அரைப் பக்கம் எழுத வேண்டாம். அதிகாரி தேடுவது எண்களும் தாள்களும். ரிட்டர்னில் தவறாக எடுத்த டி.டி.எஸ்.ஸை நாமே முந்திச் சொல்லிவிடுவதுதான் இந்தப் பதிலில் முக்கியமான வரி.

நோட்டீஸுக்குப் பதில் போட்ட பிறகு ஏ.ஐ.எஸ்.ஸிலும் கருத்துப் பதிவு செய்யுங்கள். அது தனி வேலை. அங்கே போட்டால் நோட்டீஸுக்குப் பதில் போட்டதாக ஆகாது. இங்கே போட்டால் அங்கே மாறாது. ரூ.84,000 வட்டி உள்ள பதிவுக்கு எதிரே `Information relates to other PAN/Year` என்பதைத் தேர்ந்தெடுத்து அம்மாவின் பான் எண்ணைக் கொடுங்கள். `Information is denied` என்பதைத் தொடாதீர்கள். பக்கத்து வரியில் இருப்பதால் நிறையப் பேர் அதைத்தான் தட்டுகிறார்கள். அப்படி மறுத்தால் தகவல் உறுதி செய்ய வங்கிக்குப் போகும். வங்கி, உங்கள் பான் எண், உங்கள் கையெழுத்து, உங்கள் டெபாசிட் என்று திருப்பிச் சொல்லும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் நியாயமான வழக்கோடு வந்து பொய் சொன்னவர் போல நின்றார்.

இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. 2024-25 நிதியாண்டுக்கும் இதே எஃப்.டி.கள், இதே பான் எண். அந்த ரிட்டர்னிலும் இதே தவறு இருக்க வாய்ப்பு அதிகம். இன்று எடுத்துப் பாருங்கள். 25 சதவீதம் இல்லாமல் சாதாரணத் திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் 2025 டிசம்பர் 31 வரைதான். தேதி தாண்டினால் மறுபடி ஐ.டி.ஆர்.-யு. அம்மாவும் அதே தேதிக்குள் தாமத ரிட்டர்ன் போட்டால் அந்த ஆண்டின் டி.டி.எஸ்.ஸைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் பான் எண்ணில் பிடித்த டி.டி.எஸ். அம்மாவுக்கு உரியது என்று ஒதுக்கிக் காட்ட, ஐ.டி.ஆர்.-1-இல் இடமில்லை. இருவருமே ஐ.டி.ஆர்.-2 போட வேண்டியிருக்கும்.

எஃப்.டி. அடுத்து முதிரும்போது அம்மா பெயரை முதலில் போட்டு, உங்கள் பெயரை இரண்டாவதாக வைத்து, `Either or Survivor` என்றே புதிதாகப் போடுங்கள். ஆப்பை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அம்மா பெயர் முதலில் இருந்தால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குப் படிவம் கொடுக்கும் உரிமையும் அவருக்கு வரும். 2025 ஏப்ரலில் இருந்து மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். ரூ.84,000-க்கு அவர் பேரில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள்.